ஆசிரியர் பயிற்சி உரையைப் பாடத்திட்டப் படிவமாக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடத்தை வடிவமைப்பது பற்றிய பயிற்சி உரையைக் கேட்டுவிட்டு, அதை நாள்தோறும் கையில் எடுத்து நிரப்பக்கூடிய படிவமாக மாற்ற விரும்பும் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது பின்னோக்கித் திட்டமிடல் பற்றிய 90 நிமிட உரை. முதலில் கற்றல் விளைவு, அடுத்து அதை அடைந்ததற்கான சான்று, அதன் பிறகே செயல்பாடுகள் என்பது அந்த முறையின் அடிப்படை. 1998இல் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் விரிவாக முன்வைத்த இந்த முறையைப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் பரவலாகக் கேட்கலாம்.

உரையாளரின் ஸ்லைடு தலைப்புகளையே வரிசையாக எழுதி, கீழே கட்டம் போட்டுவிட்டால் படிவம் ஆகிவிடாதா?

கட்டம் போட்ட தாள் கிடைக்கும். ஆனால் உரை சொன்னது அதில் இருக்காது. ‘கற்றல் விளைவு’ என்ற தலைப்பின் கீழ் ‘மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வர்’ என்றும், ‘துணைக்கருவிகள்’ என்பதன் கீழ் ‘கரும்பலகை, அட்டைகள்’ என்றும், ‘மதிப்பீடு’ என்பதன் கீழ் ‘வாய்மொழி வினாக்கள்’ என்றும் எழுதி அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். ‘பின்னங்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஒளிச்சேர்க்கை’ என்று வைத்தால் அதே தாள் இன்னொரு பாடத்துக்கும் பொருந்தும். எழுதியவர் எந்த முடிவையும் எடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

உரையாளர் 90 நிமிடமும் பேசியது முடிவுகளைப் பற்றி. எதைக் கற்பிப்பது, கற்றதை எப்படி அறிவது, எங்கே தடுமாறுவார்கள், தடுமாறினால் என்ன செய்வது என்பவை அவர் பேசிய முடிவுகள். படிவம் அந்த முடிவுகளை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஆகவே கட்டத்தின் மேல் இருக்க வேண்டியது பெயர்ச்சொல் அல்ல, விடை கோரும் கேள்வி. அதையே இங்கே தூண்டுகேள்வி என்கிறோம்.

ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

ஒலிப்பதிவு இருந்தால் அதை எழுத்தாக்கிக்கொண்டு, இல்லையெனில் கேட்டவர்களின் குறிப்புகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு கருத்தின் ஓரத்திலும் அது எந்த வகை என்று ஒரு சொல்லில் குறித்துக்கொண்டே வாருங்கள். உரையில் வருபவை பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும்: ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவு, அந்த முடிவுக்கான காரணம், அதை விளக்கும் எடுத்துக்காட்டு, செய்யக்கூடாததைச் சொல்லும் எச்சரிக்கை.

முடிவுகள் தூண்டுகேள்விகளாகும். எச்சரிக்கைகளும் பெரும்பாலும் கேள்விகளாகவே மாறும். ‘செயல்பாடு சுவையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்’ என்று உரையாளர் சொன்னால், ‘இந்தச் செயல்பாடு இறுதி வினாவுக்கு மாணவரை எப்படி அணியமாக்குகிறது?’ என்று படிவம் கேட்கும். காரணங்கள் கேள்விக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாக நிற்கலாம். அதற்கு மேல் நீண்டால் தனித் தாளுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டுகளுக்குப் படிவத்தில் இடமே இல்லை, அவை நிரப்பிய மாதிரிக்கு உரியவை. வெற்றுப் படிவத்தில் எடுத்துக்காட்டை அச்சிட்டால் ஆசிரியர்கள் அதைச் சற்றே மாற்றி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இந்த நான்கிலும் சேராத ஒன்று உண்டு. அது வகுப்பறையில் அந்த நொடியில் செய்ய வேண்டிய நடத்தை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டினால் மாணவர் விடைகள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். வடிவமைப்பு உரைகளில் இதைக் குறிப்பிடுவது வழக்கம். இது மிக நல்ல செய்தி என்றாலும் திட்டமிடும்போது எடுக்கும் முடிவு அல்ல. ‘எத்தனை வினாடி காத்திருப்பீர்கள்?’ என்று படிவம் கேட்டால் எல்லோரும் 3 என்று எழுதுவார்கள். அத்துடன் அது முடிந்துவிடும். இதற்குரிய இடம், பாடத்தின் நடுவே கேட்கும் வினாவின் பக்கத்தில் நிற்கும் ‘கேட்டபின் 3 வினாடி’ என்ற சிறு நினைவூட்டல்.

ஒரு வாக்கியம் கேள்வியாக மாறுவதைச் செய்துகாட்ட முடியுமா?

எல்லா உரைகளிலும் வரும் ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: ‘கற்றல் விளைவு அளவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.’

முதல் முயற்சியில் இது ‘உங்கள் கற்றல் விளைவு அளவிடக்கூடியதா?’ என்று மாறும். இதற்கு ‘ஆம்’ என்று எழுதிவிடலாம். ஆகவே இது பயன்படாது. இரண்டாம் முயற்சியில் ‘அளவிடக்கூடிய கற்றல் விளைவை எழுதுக’ என்று மாறும். இது முன்னதைவிட மேல்தான். ஆயினும் ‘அளவிடக்கூடிய’ என்பதன் பொருளை ஆசிரியர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்று இது எடுத்துக்கொள்கிறது. அவர் அதை அறியாமல் இருந்ததால்தானே உரையே நடந்தது?

இங்கே உரையாளர் அந்தச் சொல்லால் எதைக் குறித்தார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். கற்பித்தல் நோக்கங்களைப் பற்றி ராபர்ட் மேகர் 1962இல் எழுதியது முதல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் இருந்துவருகிறது. மாணவர் செய்யும் செயல், எந்தச் சூழலில் செய்கிறார் என்பது, எந்த அளவு சரியாக இருந்தால் போதும் என்பது ஆகிய மூன்றும் இருந்தால் நோக்கம் தெளிவாகும். எனவே மூன்றாம் முயற்சி இப்படி அமைகிறது: ‘பாடம் முடியும்போது மாணவர் எதைச் செய்துகாட்டுவார்? எதைப் பார்த்துக்கொண்டு, எதைப் பார்க்காமல் செய்வார்? எவ்வளவு சரியாக இருந்தால் போதும் என்று கொள்வீர்கள்?’

இப்போது ‘அளவிடக்கூடிய’ என்ற சொல் படிவத்தில் எங்கும் இல்லை. ஆனால் மூன்றுக்கும் விடை எழுதியவரிடம் அளவிடக்கூடிய விளைவு ஒன்று இருக்கும். உரையின் கலைச்சொல் மறைந்து, அது குறித்த செயல் மட்டும் கேள்வியில் எஞ்சினால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எழுதிய கேள்வி நல்லதா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் அந்தக் கேள்விக்கு ஏற்கத்தக்க விடையை எழுதிவிட முடியுமா என்று பாருங்கள். ‘மாணவர்களின் ஆர்வத்தை எப்படித் தூண்டுவீர்கள்?’ என்பதற்கு ‘கதை சொல்லி’ என்று யாரும் எழுதலாம். ‘தவறாக எண்ணும் மாணவர் தாளில் எழுதக்கூடிய விடையை அவர் எழுதுவது போலவே எழுதுக’ என்பதற்குப் பாடத்தை அறியாமல் எழுத முடியாது.

இரண்டாவது, விடை மாறினால் பாடத்தில் எதாவது மாறுமா என்று பாருங்கள். ‘இந்தப் பாடத்தின் முக்கியத்துவம் என்ன?’ என்ற கேள்விக்கு எதை எழுதினாலும் மறுநாள் வகுப்பு ஒரேமாதிரிதான் நடக்கும். அப்படிப்பட்ட கேள்வி எவ்வளவு உயர்வாக ஒலித்தாலும் படிவத்தில் இருக்கக் கூடாது.

உரையில் சொன்ன வரிசையிலேயே கேள்விகளையும் வைக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. கேட்பவருக்குப் புரிய வைப்பதற்கான வரிசையில் உரை நகரும். கொள்கை, வரலாறு, எடுத்துக்காட்டு, பிறகு நடைமுறை என்று போகும். திட்டமிடுபவர் எந்த முடிவு எந்த முடிவைச் சார்ந்திருக்கிறது என்ற வரிசையில் எடுப்பார். உரையின் 80ஆம் நிமிடத்தில், நேரமாகிவிட்டதே என்று அவசரமாகச் சொல்லப்படும் மதிப்பீடு, படிவத்தில் இரண்டாம் இடத்துக்கு வர வேண்டும். பின்னோக்கித் திட்டமிடலைப் பற்றிய உரையே கூட முன்னோக்கிய வரிசையில் பேசப்படுவதைப் பார்க்கலாம்.

சார்பைக் கண்டறிய எளிய வழி, கேள்விகளைத் தனித்தனித் துண்டுத் தாள்களில் எழுதி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ‘இதற்கு விடை எழுத வேறு எதன் விடை தெரிந்திருக்க வேண்டும்?’ என்று கேட்பது. எதையும் சாராதது மேலே போகும், அதைச் சார்ந்தது அதன் கீழே. செயல்பாடுகள் பற்றிய கேள்வி தானாகவே கீழே இறங்குவதை அப்போது காண்பீர்கள். ஆசிரியர்கள் வழக்கமாக முதலில் எழுத விரும்புவது அதைத்தான். ஆகவே அதைக் கீழே வைப்பதுதான் இந்தப் படிவம் செய்யும் மிகப் பெரிய வேலை.

முழுப் படிவம் எப்படி இருக்கும்?

நம் எடுத்துக்காட்டு உரையிலிருந்து 9 கேள்விகள் கிடைக்கின்றன. ஒரு தாளின் இரு பக்கங்களில் இவை அடங்கும்.

1. பாடம் முடியும்போது மாணவர் எதைச் செய்துகாட்டுவார்? எதைப் பார்க்காமல்? எவ்வளவு சரியாக?
2. அதைச் செய்துவிட்டார் என்று காட்டும் இறுதி வினாவை விடையுடன் எழுதுக.
3. இதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று எது? அது தெரியுமா என்று முதல் 5 நிமிடத்தில் எப்படி அறிவீர்கள்?
4. மாணவர் எப்படித் தவறாக எண்ணக்கூடும்? அப்படி எண்ணுபவர் எழுதும் விடையை அப்படியே எழுதுக.
5. மேலே செல்லலாமா என்று முடிவெடுக்க, பாடத்தின் நடுவில் எல்லோரிடமும் கேட்கும் வினா எது? தவறான எண்ணத்தோடு அதற்குச் சரியான விடை சொல்லிவிட முடியுமா? (கேட்டபின் 3 வினாடி)
6. பலர் தவறினால் அடுத்த 5 நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?
7. ஒவ்வொரு செயல்பாட்டிலும் மாணவர் என்ன செய்வார்? எத்தனை நிமிடம்? இறுதி வினாவுக்கு அது எப்படி உதவும்?
8. நேரம் குறைந்தால் எதை விடுவீர்கள்?
9. (வகுப்புக்குப் பின்) இறுதி வினாவை எத்தனை பேர் சரியாக எழுதினர்? அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?

கட்டங்களின் அளவிலும் கவனம் வேண்டும். 2, 4, 5 ஆகியவற்றுக்குப் பெரிய இடமும் 7க்கு அளவான இடமும் விடுங்கள். வெற்றிடத்தின் அளவைப் பார்த்தே எவ்வளவு எழுத வேண்டும் என்று ஆசிரியர் முடிவுசெய்கிறார். செயல்பாட்டுக்கு அரைப் பக்கம் விட்டால் அவர் உழைப்பு முழுவதும் அங்கேதான் போகும்.

நிரப்பிய மாதிரி ஒன்றைப் பார்க்க முடியுமா?

பின்னங்களை ஒப்பிடுவது பற்றிய 40 நிமிடப் பாடவேளையை எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்விக்கு விடை: தொகுதி சமமாக உள்ள இரு பின்னங்களிலும், பாதிக்கு இருபுறமும் அமைந்த இரு பின்னங்களிலும் பெரியது எது என்று சொல்லி, படத்தைப் பார்க்காமல் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுவார்; இரண்டு வகையிலும் விடை, காரணம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். இறுதி வினா: ‘2/7, 2/3 ஆகியவற்றில் பெரியது எது? 2/5, 5/8 ஆகியவற்றில் பெரியது எது? ஏன்?’ விடைகள் 2/3, 5/8. முன்னறிவு: ஒரு முழுமையை எத்தனை சம பாகமாகப் பிரிக்கிறோமோ அத்தனைக்கு ஒரு பாகம் சிறியதாகும் என்பது.

நான்காம் கேள்வியில்தான் ஆசிரியரின் பாட அறிவு வேலை செய்யத் தொடங்குகிறது. முழு எண்களில் பழகிய மாணவர், பெரிய எண் இருந்தால் பெரிய பின்னம் என்று எண்ணி ‘5/6ஐ விட 5/8 பெரியது, ஏனென்றால் 6ஐ விட 8 பெரியது’ என்று எழுதுவார். இதைத் திருத்தும்போது பலருக்கு வேறொரு பிழை ஒட்டிக்கொள்கிறது: ‘பகுதி சிறியதாக இருந்தால் பின்னம் பெரியது’ என்று, தொகுதியைப் பார்க்காமலேயே முடிவுகட்டிவிடுவார்கள்.

ஐந்தாம் கேள்விக்கு முதலில் மனதில் வருவது ‘5/6, 5/8 இவற்றில் எது பெரியது?’ என்பது. முதல் வகைப் பிழை உள்ளவர் 5/8 என்பார், அகப்பட்டுவிடுவார். இரண்டாம் வகைப் பிழை உள்ளவரோ 5/6 என்று சரியாகவே சொல்லித் தப்பிவிடுவார். ‘தவறான எண்ணத்தோடு சரியான விடை சொல்லிவிட முடியுமா?’ என்று படிவம் கேட்பது இந்த இடத்துக்காகத்தான். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடும் ஆசிரியர் இன்னொரு வினாவைச் சேர்ப்பார்: ‘1/3, 3/4 இவற்றில் எது பெரியது?’ இங்கே இரண்டாம் வகையினர் 1/3 என்று தவறுவார்கள். முதல் வகையினர் 3/4 என்று சொல்லித் தப்புவார்கள். ஒவ்வொரு வினாவும் ஒரு பிழையைத்தான் பிடிக்கிறது; இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் அகப்படும்.

மூன்றாவதாக ஒரு பிழை உண்டு. முழுமைக்கு இன்னும் எத்தனை பாகம் குறைகிறது என்று மட்டும் எண்ணி ஒப்பிடுவது அது. அந்த எண்ணத்தில் 5/6க்கு ஒரு பாகமும் 5/8க்கு 3 பாகமும் குறைவதால் 5/6 என்றும், 1/3க்கு 2 பாகமும் 3/4க்கு ஒரு பாகமும் குறைவதால் 3/4 என்றும் சரியான விடைகளே வரும். ஆக, நடுவில் கேட்ட இரு வினாக்களையும் இவர் கடந்துவிடுவார். இறுதி வினாவில் 2/5, 5/8 இரண்டிலும் 3 பாகம் குறைவதால் ‘இரண்டும் சமம்’ என்று அவர் எழுதும்போதுதான் அது வெளிப்படும். எந்த இரண்டு வினாவும் எல்லாப் பிழைகளையும் பிடிக்காது. ஆகவேதான் காரணத்தையும் எழுதச் சொல்கிறோம்.

ஆறாம் கேள்விக்கு விடை: முன்பே வெட்டி வைத்த 24 செ.மீ. தாள் பட்டைகள். 24ஐ 3, 4, 6, 8 ஆகிய நான்காலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதால் பாகங்கள் முழு சென்டிமீட்டரில் அமையும். மூன்றில் ஒரு பாகம் 8 செ.மீ., நான்கில் மூன்று பாகம் 18 செ.மீ. என்று மாணவரே அளந்து, தம் விடையோடு ஒப்பிடுவார்.

நேரம்: முன்னறிவுச் சோதனைக்கு 5 நிமிடம், விளக்கத்துக்கு 10, நடு வினாக்களுக்கு 4, இணைப் பயிற்சிக்கு 12, இறுதி வினாவுக்கு 6, கையிருப்பாக 3. ஆறாம் கேள்வியில் எழுதிய பட்டை வேலை தேவைப்பட்டால் அதற்கான 5 நிமிடத்தை எட்டாம் கேள்வியின் விடை தருகிறது: இணைப் பயிற்சி 7 நிமிடமாகச் சுருங்கும், இறுதி வினா ஒருபோதும் கைவிடப்படாது.

ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி எழுத யாருக்கு நேரம் இருக்கிறது?

எல்லாப் பாடவேளைக்கும் ஒன்பதையும் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், இரண்டாம் வாரத்திலேயே கட்டங்கள் ஒற்றைச் சொற்களால் நிரம்பத் தொடங்கும். புதிய கருத்து அறிமுகமாகும் பாடத்துக்கு முழுப் படிவத்தையும், பயிற்சிக்கும் மீள்பார்வைக்குமான பாடங்களுக்கு 1, 2, 5 ஆகிய மூன்று கேள்விகளை மட்டும் கொண்ட சுருக்கப் படிவத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.

மேலும், மீண்டும் மீண்டும் பயன்படுவது வெற்றுப் படிவம் மட்டுமல்ல. 4, 5, 6 ஆகியவற்றின் விடைகள் வகுப்பையும் ஆண்டையும் கடந்து பயன்படும், ஏனெனில் பின்னத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் அடுத்த ஆண்டு மாணவரிடமும் அப்படியேதான் இருக்கும். ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த மூன்று கட்டங்களை மட்டும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், இரண்டாம் ஆண்டில் எழுத வேண்டியது பாதியாகக் குறையும். இந்தக் கோப்பு உரையைவிடவும் மதிப்பு மிக்கதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மொழி, அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றுக்கும் இதே படிவம் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும், இரண்டு இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். கவிதையைச் சுவைப்பது, கட்டுரை எழுதுவது போன்ற பாடங்களில் இறுதி வினாவுக்கு ஒரே சரியான விடை இராது. அங்கே இரண்டாம் கேள்வியை ‘ஏற்கத்தக்க விடை ஒன்றையும், ஏற்கத்தக்கது போலத் தோன்றினாலும் ஏற்க முடியாத விடை ஒன்றையும் எழுதுக’ என்று மாற்றுங்கள். இரண்டாவதை எழுதும்போதுதான் தாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பது ஆசிரியருக்கே தெளிவாகும்.

செய்முறைப் பாடங்களில் நான்காம் கேள்வி எண்ணத்தோடு கைப்பழக்கத்தையும் கேட்க வேண்டும். அளவுகுழாயில் நீரின் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்காமல் மேலிருந்து பார்த்துப் படிப்பது அத்தகைய தவறு. மற்றபடி பாடத்துக்கு ஒரு படிவம் என்று பிரித்துக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியர்கள் பாடம் கடந்து ஒருவர் திட்டத்தை ஒருவர் படிக்கும் வாய்ப்பு அதனால் போய்விடும்.

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் வேறொரு படிவத்தில்தான் பாடக்குறிப்பு கேட்கிறார். இரண்டையும் எழுதுவதா?

வேண்டாம். நிர்வாகம் கேட்கும் படிவத்தின் தலைப்புகளை மாற்றாமல், ஒவ்வொன்றின் கீழும் உரிய தூண்டுகேள்வியைச் சிறு எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மதிப்பீடு’ என்பதன் கீழ் இரண்டாம், ஐந்தாம் கேள்விகளும், ‘குறைதீர் கற்பித்தல்’ என்பதன் கீழ் ஆறாவதும் இயல்பாக உட்காரும். வரிசை மட்டும் சிக்கல் தரும், ஏனெனில் நிர்வாகப் படிவத்தில் மதிப்பீடு கடைசியில் இருப்பது வழக்கம். கட்டங்களின் ஓரத்தில் எழுத வேண்டிய வரிசை எண்ணைக் குறித்துவிட்டால், தாளில் கடைசியில் இருப்பதை முதலிலேயே எழுதிவிடலாம்.

உரையாளரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அவருடைய சொற்கள், ஸ்லைடுகள், படங்கள் ஆகியவற்றை அப்படியே எடுத்தால் கட்டாயம் வாங்க வேண்டும். கருத்துகளை உங்கள் சொற்களில் கேள்விகளாக்கியிருந்தாலும், எந்த உரையிலிருந்து வந்தவை என்று அவர் இசைவோடு படிவத்தின் அடியில் குறிப்பதே முறை. அதைவிட முக்கியம், பரப்புவதற்கு முன் அவரிடமே படிவத்தைக் காட்டுவது. ‘நான் சொன்னது இதுவல்ல’ என்று அவர் சுட்டிக்காட்டும் கேள்வி ஒன்றாவது இருக்கக்கூடும்.

படிவம் உண்மையில் வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரையைக் கேட்காத இரண்டு ஆசிரியர்களிடம், எந்த விளக்கமும் தராமல் படிவத்தைக் கொடுத்து, அவர்கள் அடுத்து எடுக்கப்போகும் பாடத்துக்கு நிரப்பச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து, அவர்கள் எந்தக் கேள்வியில் பேனாவை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். நிறுத்தி யோசித்தால் நல்லது. நிறுத்தி ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்டால் கேள்வியின் சொற்களை மாற்ற வேண்டும். எங்குமே நிறுத்தாமல் வேகமாக எழுதிச் சென்ற கேள்வி முதல் சோதனையில் தேறவில்லை என்று பொருள்.

ஒரு மாதம் பயன்பட்ட பிறகு, நிரப்பிய படிவங்களைச் சேர்த்து ஒரே கேள்விக்கான விடைகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வெவ்வேறு பாடங்களுக்கு ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கேள்வி தேய்ந்துவிட்டது. ஆறாம் கேள்விதான் இப்படித் தேய்வதில் முதலிடம் பெறும். ‘மீண்டும் விளக்குவேன்’ என்ற விடை எல்லாத் தாள்களிலும் தோன்றத் தொடங்கும். அப்போது கேள்வியை ‘முதல் விளக்கத்தில் பயன்படுத்தாத எந்தப் பொருளை, படத்தை அல்லது எண்ணைக் கொண்டு விளக்குவீர்கள்?’ என்று கூர்மையாக்குங்கள். 24 செ.மீ. பட்டை போன்ற விடைகள் அப்போது வரத் தொடங்கும்.

ஒன்பதாம் கட்டம் வெறுமையாகவே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ஆசிரியர்களைக் குறைகூறுவதற்கு முன், அதை எழுத அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இறுதி வினாவின் தாள்களைச் ‘சரி’, ‘தவறு’, ‘விடை சரி, காரணம் தவறு’ என மூன்று கட்டுகளாகப் பிரித்து எண்ணுவதற்கு ஒரு வகுப்புக்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த மூன்று எண்களை மட்டும் எழுதினால் போதும் என்று கட்டத்தை மாற்றிவிட்டால், அது நிரம்பி வருவதற்கான வாய்ப்பு கூடும்.

திருத்திக்கொண்டே இருந்தால் கேள்விகள் பெருகிவிடாதா?

பெருகும். பயன்படுத்துபவர் ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார். எடுக்கச் சொல்பவர் அரிது. அதனால் இரண்டு பக்கம் என்ற அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு கேள்வி உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்று வகுத்துக்கொள்ளுங்கள். எது வெளியேறுவது என்பதை, நிரப்பிய தாள்களில் எந்தக் கட்டத்தின் விடை வகுப்பில் எதையும் மாற்றவில்லை என்று பார்த்து முடிவுசெய்யலாம். ஒவ்வொரு பதிப்பின் அடியிலும் மாதத்தையும் ஆண்டையும் அச்சிட்டு, திருத்தத்தைப் பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்யாதிருந்தால், பொதுக் கோப்பில் சேரும் விடைகளின் எண்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கும்.